கேம் ஐடி வாங்குவதும் விற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஒரு கில்டை நடத்தி வருகிறேன். ஐடி வாங்கி ஏமாந்தவர்களும் ஐடி விற்று மாட்டிக்கொண்டவர்களும் அடிக்கடி வந்து கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு வழக்கில் கேம் கணக்கை நாம் ‘ஐடி’ என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே விட்டுவிட்டேன். வாங்கியவர் ஏமாந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விற்றவர் மாட்டிய கதை அவ்வளவாக வெளியே வருவதில்லை, அதனால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

காசு கொடுத்துட்டேன், பாஸ்வேர்டும் வந்துடுச்சு. அப்போ ஐடி என்னோடதுதானே?

இல்லை. உங்களிடம் வந்தது சாவி மட்டும்தான்.

விற்றவருக்கே அந்த ஐடி சொந்தமில்லை என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் பயனர் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். கணக்கை விற்கக் கூடாது, பயன்படுத்தவிடக் காசு வாங்கக் கூடாது, வேறொருவருக்கு மாற்றவும் கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். ரயட், எபிக், சூப்பர்செல், பிளிசார்டு என்று பெரிய நிறுவனங்கள் எல்லாமே இதையேதான் அவரவர் வார்த்தையில் சொல்கின்றன. விளையாடுபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி. வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டை விற்றால் வாங்கியவரின் நிலை என்னவோ, உங்கள் நிலையும் அதுதான். எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதும் எவ்வளவு நாள் விளையாடினீர்கள் என்பதும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறாது. அங்கே இருப்பது ஐடியைத் தொடங்கியவரின் வரலாறு.

மெயில், பாஸ்வேர்டு, போன் நம்பர் எல்லாத்தையும் மாத்திட்டேனே. அதுக்கப்புறமும் வித்தவர் எப்படித் திரும்ப எடுப்பார்?

உதவி மையத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டுத்தான். ஹேக்கிங் எதுவும் தேவையில்லை.

நிறுவனத்தின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ஐடி திருடுபவன் உள்ளே நுழைந்ததும் என்ன செய்வான்? மெயிலை மாற்றுவான், பாஸ்வேர்டை மாற்றுவான், போன் நம்பரை மாற்றுவான். நீங்கள் செய்ததும் அதே மூன்றுதான். பதிவேட்டில் பார்த்தால் வாங்கியவருக்கும் திருடனுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால் ‘என் ஐடி போய்விட்டது’ என்று ஒருவர் எழுதினால், இப்போது பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திருடனால் மாற்ற முடியாத விஷயங்களைத்தான் கேட்கிறார்கள்.

ஒவ்வொரு நிறுவனமும் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும், ஆனாலும் பொதுவாகச் சில கேள்விகள் உண்டு. ஐடியை எந்த வருடம், எந்த மாதம் தொடங்கினீர்கள்? அப்போது எந்த ஊரில் இருந்தீர்கள்? முதலில் கொடுத்த மெயில் முகவரி எது? எந்தெந்த போனில் விளையாடினீர்கள்? பழைய கேம் பெயர் என்ன? எல்லாவற்றையும்விட வலுவானது, முதலில் காசு கொடுத்து வாங்கிய பொருளின் ரசீது. கூகுள் பிளேயில் டாப்-அப் செய்தால் வரும் மெயிலில் `GPA.` என்று தொடங்கும் ஆர்டர் எண் ஒன்று இருக்கும். அந்த மெயிலை விற்றவர் தன் வேறொரு முகவரிக்கு முன்பே ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால் போதும். நீங்கள் ஐடிக்குள் என்ன மாற்றினாலும் அந்த எண் மாறாது.

ஒரு உதாரணத்தை நாள்வாரியாகப் பார்க்கலாம். ஒருவர் மூன்று வருடம் விளையாடிய ஐடியை விற்கிறார். முதல் நாளே வாங்கியவர் எல்லா விவரங்களையும் மாற்றிவிடுகிறார், இருவருக்கும் திருப்தி. ஒரு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதற்குள் வாங்கியவர் தன் காசில் புது ஸ்கின்கள் வாங்கியிருக்கிறார், ரேங்க்கையும் ஏற்றியிருக்கிறார். அதாவது ஐடியின் மதிப்பை விற்றவருக்காகவே கூட்டி வைத்திருக்கிறார். 45வது நாள் விற்றவர் உதவி மையத்துக்கு எழுதுகிறார். தொடங்கிய மாதம், முதல் போனின் மாடல், இரண்டு ரசீது எண்கள், எல்லாமே சரியாக இருக்கின்றன. ஐடியை அவர் கொடுத்த புதிய மெயிலுக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவரின் திரையில் ‘வேறு சாதனத்தில் உள்நுழைந்துள்ளது’ என்று ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான்.

இப்போது வாங்கியவர் என்ன செய்வார்? அவரும் உதவி மையத்துக்கு எழுதுகிறார். அவரிடமும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எப்போது தொடங்கினீர்கள்? தெரியாது. முதல் ரசீது? இல்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், ‘நான் இதைக் காசு கொடுத்து வாங்கினேன், இதோ ஸ்க்ரீன்ஷாட்’ என்று அனுப்புகிறார். விதியை மீறியதற்கான ஒப்புதல் வாக்குமூலம் அது. ஐடியைத் திருப்பித் தர அதற்கு மதிப்பில்லை, ஆனால் நிரந்தரமாக முடக்க அது போதும். இந்த ஸ்க்ரீன்ஷாட்டை ஆதாரம் என்று நினைத்து அனுப்பியவர்கள் எங்கள் கில்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அந்த ஜிமெயிலையே சேர்த்து வாங்கிட்டா பிரச்சினை இல்லையே? ‘ஒரிஜினல் மெயிலோட தர்றேன்’னு சொல்றாங்க.

தனி ஐடியைவிட இது கொஞ்சம் தேவலை, ஆனாலும் போதாது. ஜிமெயிலும் ஒரு கணக்குதான், அதற்கும் சொந்த வரலாறு உண்டு.

கூகுளில் மீட்பு எண்ணை மாற்றினாலும் பழைய எண்ணுக்கே 7 நாள் வரை சரிபார்ப்புக் குறியீடு அனுப்ப வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். கணக்கைத் திருட்டுக் கொடுத்தவர் சுதாரித்து மீட்கட்டும் என்பதற்காகக் கொடுத்த அவகாசம் அது. விற்றவர் கையில் அதுவே மீட்கும் வழியாகிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் காத்திருப்பு இன்னும் நீளம். பாதுகாப்பு விவரங்கள் முழுவதையும் ஒரேயடியாக மாற்றக் கேட்டால் 30 நாள் காக்க வைப்பார்கள், அதற்குள் பழைய விவரங்களை வைத்திருப்பவர் அந்தக் கோரிக்கையையே ரத்து செய்யலாம்.

இதையெல்லாம் தாண்டி வந்தாலும், மேலே சொன்ன ரசீது எண்ணும் முதல் போனின் மாடலும் விற்றவர் நினைவில் இருக்கத்தான் செய்யும். மெயிலைக் கொடுக்கலாம், நினைவைக் கொடுக்க முடியாது.

அப்புறம், ஒரிஜினல் மெயிலோடு விற்பதில் விற்பவருக்கும் பெரிய ஆபத்து இருக்கிறது. அதைத் தனிக் கேள்வியாகக் கீழே பார்க்கலாம்.

ஏமாறுறது வாங்கறவங்கதானே? விக்கிறவருக்குக் காசு முதல்லயே வந்துடுதே, அவருக்கு என்ன ஆபத்து?

வந்த காசு திரும்பிப் போவதுதான் முதல் ஆபத்து.

பேபால் வழியாகக் காசு கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து 180 நாள் வரை புகார் எழுப்பலாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், பெரும்பாலும் 120 நாள் வரை அவகாசம் இருக்கும். ‘நான் இதை வாங்கவே இல்லை’ அல்லது ‘பொருள் வந்து சேரவில்லை’ என்று வாங்கியவர் எழுதினால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் விற்றவர்தான். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். கூரியர் ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. பாஸ்வேர்டு அனுப்பிய சாட் ஒன்றுதான் இருக்கிறது, அதைக் காட்டினால் விற்கக் கூடாத ஒன்றை விற்றேன் என்று நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிறது.

‘நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பச் சொன்னால் திரும்பக் கேட்க முடியாதே’ என்று விற்பவர்கள் கெட்டிக்காரத்தனமாகச் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. அப்படி அனுப்பும் காசுக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது என்பது சரி. ஆனால் அந்தக் காசு திருட்டுக் கார்டிலிருந்தோ ஹேக் செய்த கணக்கிலிருந்தோ வந்திருந்தால், உண்மையான உரிமையாளர் புகார் செய்ததும் அது திரும்பிப் போய்விடும். ஐடியும் போய்விட்டிருக்கும்.

கார்டு எல்லாம் வேண்டாம், நேரா பேங்க் அக்கவுண்ட்டுக்கு அனுப்பச் சொன்னா?

அங்கே வருவதுதான் எனக்குத் தெரிந்ததிலேயே மோசமான மோசடி. காசு திரும்பிப் போவதோடு நிற்காமல், விற்றவரையே குற்றவாளியாக்கிவிடுகிறது. நிதானமாகச் சொல்கிறேன்.

இதில் மூன்று பேர். உண்மையாகவே ஐடி வைத்திருக்கும் விற்பவர் ஒருவர். உண்மையாகவே வாங்க நினைக்கும் அப்பாவி ஒருவர். நடுவில் மோசடிக்காரன். நடுவில் இருப்பவன் விற்பவரிடம் போய், ‘உங்கள் ஐடியை நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்கிறான். அதே நேரத்தில் விற்பவரின் ஸ்க்ரீன்ஷாட்டுகளை எடுத்து, கொஞ்சம் விலையைக் குறைத்து, அந்த அப்பாவியிடம் தன்னுடைய ஐடி என்று காட்டுகிறான்.

அப்பாவி சந்தேகப்பட்டு, ‘ஐடி உன்னிடம் இருக்கிறது என்றால் உள்ளே போய் வீடியோ எடுத்து, அதில் என் பெயரைச் சொல்’ என்று கேட்கிறார். மோசடிக்காரன் அந்தக் கோரிக்கையை அப்படியே விற்பவரிடம் தள்ளிவிடுகிறான். ‘அண்ணே, நம்பிக்கைக்காக ஒரு வீடியோ, அதில் இந்தப் பெயரைச் சொல்லுங்க’. விற்பவர் எடுத்துக் கொடுக்கிறார். வீடியோ அப்பாவிக்குப் போகிறது, அவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. பிறகு விற்பவரிடம் வங்கிக் கணக்கு எண்ணை வாங்கி, அதையே அப்பாவியிடம் கொடுக்கிறான். அப்பாவி பணம் போடுகிறார். விற்பவருக்குப் பணம் வந்த செய்தி வருகிறது, உடனே பாஸ்வேர்டை மோசடிக்காரனிடம் கொடுக்கிறார். அவன் ஐடியோடு மறைந்துவிடுகிறான்.

இப்போது கணக்குப் பாருங்கள். காசு போட்டவருக்கு எதுவும் வரவில்லை. அவர் கையில் இருப்பது விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணும், விற்பவரின் குரல் பதிந்த வீடியோவும். புகார் யார் மேல் போகும்? அந்தப் பணமும், சில நேரம் மொத்தக் கணக்குமே முடக்கப்படும். மோசடிக்காரனின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

எங்கள் கில்டில் ஒருவருக்கு இது நடந்தது. சம்பளம் வரும் அதே கணக்கைத்தான் கொடுத்திருந்தார். ஐடி விற்ற பணம் ஒரு சின்னத் தொகை, ஆனால் முடங்கியது சம்பளக் கணக்கு. அதை மீட்க அவர் அலைந்த அலைச்சலுக்கு அந்த ஐடியைச் சும்மாவே கொடுத்திருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முதலில் பெயரைப் பாருங்கள். உங்களிடம் பேசுகிறவர் ஒருவர், பணம் அனுப்பியவர் பெயர் வேறு என்றால் உடனே நிறுத்துங்கள். ‘தம்பி கணக்கிலிருந்து போட்டேன்’ என்ற பதிலும் தயாராகவே இருக்கும். பேரம் பேசாமலேயே கணக்கு எண்ணைக் கேட்பது, வீடியோவில் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்வது, பணம் இரண்டு மூன்று பெயர்களில் துண்டு துண்டாக வருவது, எல்லாமே ஒரே கதையின் அடையாளங்கள். பணம் வந்துவிட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள், ‘திருப்பி வேறு கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று கேட்டாலும் அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வித்தாச்சு, காசும் செலவாச்சு. இனி அந்த ஐடியில யார் என்ன பண்ணா எனக்கென்ன?

அந்த ஐடி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மொபைல் கேம்களில் பெரும்பாலும் ஃபேஸ்புக் அல்லது கூகுள் வழியாகத்தான் உள்ளே நுழைகிறோம். ஃபேஸ்புக் ஐடியைக் கொடுத்தால் உங்கள் பெயர், முகம், நண்பர்கள், பழைய மெசஞ்சர் பேச்சு எல்லாமே முகம் தெரியாத ஒருவரிடம் போகின்றன. அவர் உங்கள் பெயரில் உங்கள் சித்தப்பாவிடம் அவசரமாகக் காசு கேட்டாலும் சித்தப்பாவுக்குத் தெரியாது. நம்பி அனுப்பிவிடுவார்.

கூகுள் கணக்கு இன்னும் ஆழம். கேமுக்கென்று தொடங்கியதுதானே என்பார்கள். ஆனால் அதே போனில் இரண்டு வருடம் இருந்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் போட்டோ பேக்கப் ஓடியிருக்கும், தொடர்பு எண்கள் சேர்ந்திருக்கும், குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் வரிசையாக இருக்கும், பிளே ஸ்டோரில் கார்டு பதிவாகியிருக்கும். வேறு எத்தனையோ தளங்களில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் குறியீடு வந்து விழுவதும் அந்த மெயிலில்தான். ஒரு ஸ்கின் பெட்டியை விற்கப் போய் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்துவிட்டு வருகிறோம்.

ஐடியிலிருந்து ஒருவர் மிரட்டல் அனுப்பினாலோ, மற்றவர்களை ஏமாற்றினாலோ, விசாரணை முதலில் வந்து நிற்பதும் பதிவு செய்தவரின் பெயரிலும் போன் நம்பரிலும்தான். ‘விற்றுவிட்டேன்’ என்பதற்கு நீங்கள் காட்டக்கூடிய ஆவணம் எதுவும் இருக்காது.

மிடில்மேன் வச்சு பண்ணா பாதுகாப்பா?

மிடில்மேன் பார்த்துக்கொள்வது கைமாறும் அந்த ஒரு மணி நேரத்தை. காசைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு சரியா என்று பார்த்து, பிறகு காசை விடுகிறார். சிலர் ஒரு வாரம், இரண்டு வாரம்கூடப் பிடித்து வைப்பார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் ஐடி திரும்பிப் போனது 45வது நாள். ஒரு வருடம் கழித்துக்கூட விண்ணப்பம் போடலாம், ரசீது காலாவதியாவதில்லை. அவ்வளவு நாள் எந்த மிடில்மேனும் காசைப் பிடித்து வைக்க மாட்டார்.

இன்னொன்று, பிரபலமான மிடில்மேனின் படத்தையும் பெயரையும் போட்டு ஒரு எழுத்து மட்டும் மாற்றிய போலிக் கணக்குகள் ஏராளம். மூவர் இருக்கும் குரூப்பில் இருவர் ஒரே ஆள் என்பதும் உண்டு. காசும் ஐடியும் சேர்ந்தே போய்விடும்.

ரெண்டு பேருமே நேர்மையானவங்கன்னா?

அப்போதும் கஷ்டம்தான். எனக்கு இதில்தான் அதிகம் வருத்தம், ஏனென்றால் இங்கே கெட்டவர் யாருமே இல்லை.

ஐடி இன்று வரை ஒரு ஊரில், ஒரே போனில் விளையாடப்பட்டது. இன்று திடீரென்று வேறு ஊர், வேறு போன், அதே மணி நேரத்தில் மெயிலும் பாஸ்வேர்டும் மாறுகின்றன. நிறுவனத்தின் பாதுகாப்பு அமைப்பு இதைத் திருட்டு என்று சந்தேகித்துப் பூட்டலாம். திறக்க வேண்டுமானால் பழைய விவரங்களைக் கேட்பார்கள். வாங்கியவர் விற்றவரைத் தேடிப் போக வேண்டும். விற்றவர் எண்ணை மாற்றியிருந்தால் அதோடு போச்சு.

அல்லது விற்றவரின் பழைய பாஸ்வேர்டு வேறு எங்கோ கசிந்து, மூன்றாவது ஆள் ஒருவன் ஐடியைத் திருடுகிறான். வாங்கியவர் யார் மேல் சந்தேகப்படுவார்? விற்றவர் மேல்தான். அவரிடம் விற்றவரின் பெயர், போன் நம்பர், வங்கி எண் எல்லாம் இருக்கிறது. குரூப் குரூப்பாகப் படத்தைப் போட்டுத் திருடன் என்று எழுதுகிறார். ஒன்றுமே செய்யாத ஆள், ஆனால் தான் செய்யவில்லை என்று நிரூபிக்க அவருக்கு வழியே இல்லை.

வாங்கும்போது சுத்தமா இருந்த ஐடி, அப்புறம் பேன் ஆயிடுச்சு. நான் எந்த ஹேக்கும் போடலையே?

முந்தையவர் போட்டிருக்கலாம். ஏமாற்று மென்பொருளைக் கண்டுபிடித்த அதே நொடியில் பேன் செய்வதில்லை. எது பிடிபட்டது என்று அதை எழுதுபவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தள்ளிப் போட்டு மொத்தமாகச் செய்வார்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பான வாக் இப்படித்தான் தாமதமாக வேலை செய்கிறது. அந்த பேன் நிரந்தரம், மேல்முறையீட்டுக்கு இடமில்லை, ஸ்டீம் சுயவிவரப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படியும் நிற்கும். மாட்டப் போகிறோம் என்று தெரிந்த ஒருவர், பேன் வந்து விழுவதற்குள் ஐடியைத் தள்ளிவிடப் பார்ப்பது இயல்புதானே.

சில கேம்களில் பேன் ஐடியோடு நிற்காது, கணினியையே அடையாளம் கண்டு தடுத்துவிடும். வாலரண்ட் கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு அதைச் செய்யக்கூடியது. அப்படிப்பட்ட கேமில் சந்தேகத்துக்குரிய ஐடியை உங்கள் கணினியில் ஏற்றுவதற்கு முன், அந்தக் கணினியில் உங்கள் சொந்த ஐடியும் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐடியில மைனஸ் ஜெம்ஸ் காட்டுது. இது என்ன?

விற்றவர் பழைய டாப்-அப்புகளுக்கு ரீஃபண்ட் வாங்கியிருப்பார், இல்லை திருட்டுக் கார்டில் டாப்-அப் செய்திருப்பார். காசு திரும்பியதும் கேம் அந்த ஜெம்களைக் கழிக்கிறது, நீங்கள் செலவழித்துவிட்டிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அந்தக் கடனை அடைக்கும் வரை ஐடி பூட்டியே இருக்கவும் கூடும்.

எந்த கேம்லயும் அதிகாரபூர்வமா விக்க வழியே இல்லையா?

ஐடியாக விற்க, கிட்டத்தட்ட இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல விதிவிலக்கு ஈவ் ஆன்லைன். அங்கே ஒரு பாத்திரத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க நிறுவனமே வழி வைத்திருக்கிறது. அதற்கென்று ஒரு சந்தையும் உண்டு. ஆனால் விலையை கேமுக்குள் புழங்கும் ஐஎஸ்கே நாணயத்தில்தான் கொடுக்க வேண்டும், நிஜக் காசுக்கு விற்றால் அங்கேயும் தண்டனைதான். கவனிக்க வேண்டியது, மாற்றுவது நிறுவனத்தின் கையால் நடக்கிறது. புது உரிமையாளர் யார் என்று பதிவேட்டில் ஏறிவிடுகிறது. நாம் இவ்வளவு நேரம் பேசிய எல்லாச் சிக்கலும் அந்த ஒரு பதிவு இல்லாததால் வருவதுதான்.

பொருட்களை மட்டும் விற்க ஸ்டீம் சந்தை போன்ற இடங்கள் உண்டு, அங்கே கிடைக்கும் காசு ஸ்டீம் பணப்பையிலேயே நிற்கும். நிஜக் காசுக்குப் பொருள் விற்கும் ஏலக்கூடத்தை டியாப்லோ 3-இல் பிளிசார்டே நடத்திப் பார்த்தது, 2014 மார்ச்சில் மூடிவிட்டது. ஈபே தன் தளத்தில் கேம் ஐடிகளையும் பொருட்களையும் விற்பதை 2007-லேயே நிறுத்தத் தொடங்கியது.

ஏற்கெனவே வாங்கிட்டேன். இப்போ என்ன பண்றது?

போனது போகட்டும், மேலும் போகாமல் பாருங்கள். அந்த ஐடியில் உங்கள் கார்டைப் பதிவு செய்யாதீர்கள், டாப்-அப் செய்யாதீர்கள். ஐடி இரண்டு பேர் கையில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடங்கள். வேறெங்கும் பயன்படுத்தும் பாஸ்வேர்டை அதில் போட வேண்டாம். கூடவே ஜிமெயிலும் வந்திருந்தால், அதை உங்கள் முதன்மைப் போனில் ஏற்ற வேண்டாம். கணக்கு விற்றவர் பெயரில் இருக்கும்போது உங்கள் போட்டோவும் தொடர்பு எண்களும் அதில் போய்ச் சேர்ந்தால், அவர் மீட்கும் நாளில் அவையும் அவருக்குப் போகும்.

ஐடி பறிபோய்விட்டால் கேம் நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, காசு போன வழியில் உடனே புகார் செய்வதுதான் பலன் தரும். சாட்டை அழிக்காதீர்கள், பணம் அனுப்பிய விவரத்தை எடுத்து வையுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விற்றவரை மிரட்டி மெசேஜ் போட்டால், அவர் அதையே உங்கள் மேல் புகாராகத் திருப்புவார்.

நான் வித்தவன். ஜிமெயிலோட கொடுத்துட்டேன், இப்போ பயமா இருக்கு.

இன்றைக்கே உட்கார்ந்து, அந்த மெயிலை வேறு எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வங்கி, சமூக வலைதளம், வேலைக்கு விண்ணப்பித்த தளங்கள், மற்ற கேம்கள், எல்லா இடத்திலும் வேறு மெயிலுக்கு மாற்றுங்கள். அதில் பதிவான கார்டை வங்கியிடம் சொல்லி முடக்கிப் புதிது வாங்குவது நல்லது. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் வெளியே போய்விட்டதாகவே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முக்கியமானவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கணக்குக்குள் இருக்கும் போட்டோவையும் தொடர்பு எண்களையும் அழிக்க, வாங்கியவரிடமே கேட்டு ஒருமுறை உள்ளே போகலாம். அவருக்குத் தெரியாமல் பழைய எண்ணை வைத்துக் கணக்கை மீட்டு உள்ளே போகாதீர்கள். நோக்கம் போட்டோவை அழிப்பதாகவே இருந்தாலும், காசு வாங்கிக்கொண்டு ஐடியைத் திரும்ப எடுப்பவன் செய்வதும் வெளியே இருந்து பார்த்தால் இதேதான். அவர் மறுத்துவிட்டால், வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கைத் திரும்பக் கேளுங்கள். அந்தக் காசு எந்தப் பெயரிலிருந்து வந்ததோ, அதே கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள்.